இதயத்தில் கட்டி, ஆனால் புற்றுநோய் இல்லை: பிறகு ஏன் உடனே அறுவை சிகிச்சை?

"இதயத்தில் கட்டி இருக்கிறது" என்று மருத்துவர் சொல்லும்போது குடும்பத்தினர் வழக்கமாக இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். முதலாவது, "புற்றுநோயா?" என்பது. பெரும்பாலும் இல்லை என்ற பதில் கிடைத்ததும் முகத்தில் இறுக்கம் தளர்ந்து, இரண்டாவது கேள்வி வருகிறது: "அப்படியானால் மாத்திரையிலேயே கரைத்துவிடலாமே, எதற்கு நெஞ்சைத் திறக்க வேண்டும்?" கேட்பவர்மேல் தவறில்லை. உடலின் வேறு எந்தப் பாகத்திலும் சாதாரணக் கட்டி என்றால் பார்த்துக்கொண்டே காத்திருப்பது வழக்கம்தான். முதுகில் இருபது ஆண்டுகளாகக் கொழுப்புக் கட்டியோடு நடமாடுகிறவர்கள் எத்தனையோ பேர். இதயத்தில் மட்டும் ஏன் அந்த நியாயம் செல்லாது என்பதை, அங்கே மிகுதியாகக் காணப்படும் மிக்சோமா என்ற கட்டியைக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

## ஒரே சொல்லில் மூன்று நோய்கள்

குழப்பத்தின் பாதி நம் பேச்சு வழக்கிலேயே இருக்கிறது. "இதயத்தில் அடைப்பு", "இதயத்தில் ரத்தக்கட்டி", "இதயத்தில் கட்டி" ஆகிய மூன்றையும் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாகப் பயன்படுத்துகிறோம். ஆனால் இவை மூன்றும் வெவ்வேறு நோய்கள்.

அடைப்பு என்பது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களின் சுவரில் கொழுப்பு படிந்து உட்புறம் குறுகுவது. மாரடைப்புக்கு வழக்கமான காரணம் இதுதான். ரத்தக்கட்டி என்பது ஓட வேண்டிய ரத்தம் ஓரிடத்தில் தேங்கி உறைந்து போவது. பால் தயிராவதைப் போல, ஏற்கெனவே இருந்த திரவம் திரண்டுவிடுகிறது. ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் அது பல நேரங்களில் படிப்படியாகக் குறைந்து மறையும். "கரைத்துவிடலாமே" என்ற எண்ணம் இங்கிருந்துதான் வருகிறது. கட்டி என்பது இவை இரண்டும் அல்ல. உடலின் செல்கள் தேவையில்லாமல் பெருகி உருவாக்கிய புதிய திசு அது. உறைந்த ரத்தமாக இல்லாததால் உறைவைக் கரைக்கும் மருந்துக்கு அது கட்டுப்படாது.

இதயத்திலேயே தோன்றும் கட்டிகள் அபூர்வமானவை. அவற்றில் பெரும்பகுதி புற்றுநோய் அல்லாத சாதாரணக் கட்டிகள். பெரியவர்களிடம் காணப்படும் அந்தச் சாதாரணக் கட்டிகளில் ஏறத்தாழ பாதி மிக்சோமா. முப்பது வயதுக்கும் அறுபது வயதுக்கும் இடைப்பட்டவர்களிடம், ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதலாக, அது கண்டுபிடிக்கப்படுகிறது.

இதுவரை சொன்னதில் மனத்தில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: மிக்சோமா வளர்ந்த திசு, உறைந்த ரத்தம் அன்று.

## தொட்டிக்குள் தொங்கும் நுங்கு

இதயத்தில் நான்கு அறைகள் உள்ளன. நுரையீரலில் ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு வரும் ரத்தம் முதலில் இடது மேலறைக்கு வருகிறது. அங்கிருந்து மைட்ரல் வால்வு என்ற இரண்டு மடல்கள் கொண்ட கதவைத் தாண்டி இடது கீழறைக்கு இறங்குகிறது. கீழறை சுருங்கி அதை உடல் முழுவதற்கும் அனுப்புகிறது. நான்கு மிக்சோமாக்களில் ஏறத்தாழ மூன்று, இந்த இடது மேலறையில் வளர்பவை. வலது, இடது மேலறைகளைப் பிரிக்கும் நடுச்சுவரில் பெருவிரல் அழுத்தியது போன்ற ஒரு பள்ளம் உண்டு. கட்டி பெரும்பாலும் அதன் ஓரத்தில் ஒரு காம்பால் ஒட்டிக்கொண்டு அறைக்குள் தொங்குகிறது.

அறுவை மேசையில் வெளியே எடுத்த மிக்சோமாவைப் பார்த்தவர்களுக்கு நுங்கு நினைவுக்கு வராமல் இருக்காது. அதே வழவழப்பு, அதே பாதி ஒளி ஊடுருவும் தன்மை. ஆங்காங்கே ரத்தம் கசிந்த கருஞ்சிவப்புத் திட்டுகள் மட்டும்தான் வேறுபாடு. ஐந்து, ஆறு சென்டிமீட்டர் அளவில் எடுக்கப்படுபவை பல. செல்கள் அதில் குறைவு. அவற்றைச் சுற்றியிருக்கும் வழவழப்பான கூழ்ப்பொருளே அதிகம்.

இனி ஒரு தண்ணீர்த் தொட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தொட்டியின் உள்சுவரில் நூலில் கட்டிய ஒரு நுங்கு தொங்குகிறது. கீழே தண்ணீர் வெளியேறும் வாய் இருக்கிறது. அந்த வாய் திறக்கும்போதெல்லாம் ஓடும் நீர் நுங்கையும் இழுத்துக்கொண்டு போய் வாயில் செருகுகிறது. தண்ணீர் நூலிழையாக வடிகிறது. வாய் மூடும்போது நுங்கு மேலே தள்ளப்படுகிறது. இடது மேலறையில் நடப்பது இதுதான். நிமிடத்துக்கு எழுபது துடிப்பு என்றால் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை அந்தக் கட்டி வால்வுக்குள் இறங்கி ஏறுகிறது.

வெளியே போக முடியாத ரத்தம் பின்னால் நுரையீரலில் தேங்குகிறது; அதனால் மூச்சு வாங்குகிறது. முன்னால் போகும் ரத்தம் குறைவதால் தலை சுற்றுகிறது, சிலர் மயங்கி விழுகிறார்கள். கட்டி நூலில் ஆடுவதால் இந்த அறிகுறிகள் உடலின் நிலைக்கு ஏற்ப மாறும் என்பதுதான் இதன் தனித்தன்மை. ஒருவருக்கு இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் மூச்சு முட்டும். திரும்பிப் படுத்தால் சரியாகும். இன்னொருவருக்குக் குனிந்து நிமிரும்போது கண் இருட்டும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதற்கு நூறு காரணங்கள் இருக்கலாம். புரண்டு படுத்தவுடன் மூச்சு சீராவதற்குக் காரணங்கள் சொற்பம். நோயாளிகள் இதைத் தாமாகச் சொல்வது குறைவு. கேட்டால்தான் சொல்வார்கள்.

மைட்ரல் வால்வு சுருங்குவதாலும் இதே மூச்சுத்திணறல் வரும். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலின் பின்விளைவான அந்த நோய் நம் நாட்டில் இன்னும் நிறைய உண்டு. ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் ஒலியும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். கட்டி கீழே இறங்கி நிற்கும் கணத்தில் "தொப்" என்ற மந்தமான ஓர் ஒலி சிலரிடம் கேட்கும் என்பது உண்மைதான். ஆனால் அதைக் காதால் கேட்டே நோயைக் கண்டறிந்துவிடலாம் என்று எண்ணுவது, என் கருத்தில், பாடநூல் தரும் மயக்கம்.

## துணுக்கு கழன்றால்

எல்லா மிக்சோமாவும் ஒரே வடிவில் இருப்பதில்லை. மேற்பரப்பு வழவழப்பாக, உருண்டையாக இருப்பவை வளர்ந்து வால்வை அடைப்பவை. மேற்பரப்பு முழுவதும் மெல்லிய விரல்கள் போன்ற நீட்சிகளோடு, தொட்டால் உதிர்ந்துவிடும் அளவுக்கு மிருதுவாக இருப்பவை மற்றொரு வகை. இவை அளவில் சிறியவையாக இருந்தாலும் ஆபத்து அதிகம். நாளுக்கு லட்சம் முறை ஆடும் ஆட்டத்தில் ஒரு விரல் கழன்றால், அது ரத்த ஓட்டத்தோடு போய், தன்னைவிடக் குறுகலான ஒரு குழாயில் சிக்கி நிற்கும். ஓரிடத்திலிருந்து கிளம்பிய பொருள் ரத்தத்தில் மிதந்துபோய் வேறிடத்தில் குழாயை அடைப்பதற்கு எம்போலிசம் என்று பெயர்.

இடது மேலறையிலிருந்து கிளம்பும் துணுக்கு உடலின் எந்த உறுப்புக்கும் போகலாம். மூளைக்குப் போனால் பக்கவாதம். கண்ணின் குழாயில் நின்றால் ஒரு கண்ணில் திடீர்ப் பார்வையிழப்பு. பெரிய துண்டாக இருந்து வயிற்றில் மகாதமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் குறுக்கே விழுந்தால் இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் வெளுத்துச் சில்லிட்டுப் போகும். வலது மேலறையில் வளரும் கட்டியின் துணுக்குகள் நுரையீரலுக்குப் போகின்றன. மிக்சோமா நோயாளிகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு எம்போலிசம் நேர்கிறது. பலருக்கு அதுதான் முதல் அறிகுறி.

வயிற்றிலோ முதுகிலோ இருக்கும் கட்டியிலிருந்து ஒரு துணுக்கு கழன்றால் அது போவதற்கு இடமில்லை. இதயக் கட்டி ரத்த ஓட்டத்தின் நடுவே நிற்கிறது. இதன் ஆபத்து செல்களின் குணத்தில் இல்லை. நிற்கும் இடத்திலும் உதிரும் தன்மையிலும் இருக்கிறது. "புற்றுநோய் இல்லை" என்ற நல்ல செய்தி இந்த இரண்டையும் மாற்றுவதில்லை.

## மூன்றாவது முகம்: காரணம் தெரியாத காய்ச்சல்

மிக்சோமா இன்டர்லூகின்-6 என்ற பொருளைச் சுரக்கிறது. தொற்று ஏற்படும்போது உடலில் எச்சரிக்கை மணி அடிக்கும் பொருள்களில் அது ஒன்று. இங்கே கிருமி இல்லாமலே மணி அடிக்கிறது. மாலையில் லேசான காய்ச்சல், உடல் மெலிவு, மூட்டுவலி, ரத்தப் பரிசோதனையில் உடலின் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். அளவின் உயர்வு ஆகியவை தோன்றும். நம் ஊரில் இந்தச் சேர்க்கையைப் பார்த்ததும் காசநோய் என்ற எண்ணமே முதலில் எழும். அப்படி எழுவதும் நியாயம்தான்.

ஆக, மிக்சோமாவுக்கு மூன்று முகங்கள்: வழியை அடைப்பது, துணுக்கு அனுப்புவது, காய்ச்சலும் மெலிவுமாக உடல் முழுவதையும் வாட்டுவது. மூன்றும் ஒருவரிடமே சேர்ந்து வர வேண்டும் என்பதில்லை. எந்த அறிகுறியும் இல்லாமல், வேறு காரணத்துக்காக எடுத்த எக்கோவில் தற்செயலாகத் தெரிவதும் உண்டு.

## ஓர் எடுத்துக்காட்டு

பல நோயாளிகளிடம் காணப்படுவதைச் சேர்த்து அமைத்த ஒரு மாதிரி இது. தையல் கடை நடத்தும் நாற்பத்து மூன்று வயதுப் பெண். சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் இல்லை. நான்கு மாதங்களாக மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது; இரவில் இடப்பக்கம் படுக்க முடியவில்லை. மாலையில் உடல் காய்கிறது. நான்கு கிலோ எடை குறைந்திருக்கிறது. ஈ.எஸ்.ஆர். 70. சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இல்லை. ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று இன்ஹேலர் தரப்பட்டது, அதனால் பயனில்லை.

ஒருநாள் மாலை துணி வெட்டிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து கத்தரிக்கோல் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்க முயன்றார். வலது கை பிடிக்கவில்லை. மகளைக் கூப்பிட வாயெடுத்தபோது சொல் குழறியது. மருத்துவமனையில் எடுத்த ஸ்கேனில் மூளையின் இடப்பக்கம் சிறிய பகுதி ஒன்று ரத்தமின்றிப் பாதிக்கப்பட்டிருந்தது. ரத்தக் கசிவு இல்லை.

இந்த இடத்தில்தான் மருத்துவர் நின்று யோசிக்க வேண்டும். கழுத்துக் குழாய்களில் கொழுப்புப் படிவு இல்லை. இதயத்திலிருந்து ரத்த உறைவு வந்து பக்கவாதம் ஏற்படுகிறவர்களில் பெரும்பாலோருக்கு, மேலறை ஒழுங்கின்றித் துடிக்கும் நோய் இருக்கும். ஆனால் இவருடைய ஈ.சி.ஜி.யில் துடிப்பு சீராக இருக்கிறது. வயதும் குறைவு, வழக்கமான காரணங்களும் இல்லை, ஆனாலும் எங்கிருந்தோ ஒரு துணுக்கு வந்திருக்கிறது. அடுத்த கேள்வியை எக்கோ இயந்திரத்திடம் கேட்க வேண்டும்.

எக்கோ என்பது காதுக்குக் கேட்காத ஒலியை நெஞ்சுக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு இதயத்தைப் படமாகக் காட்டும் சோதனை. மார்பில் கூழ் தடவி, கருவியை வைத்த சில நொடிகளில் திரையில் அது தெரிந்தது: ஐந்து சென்டிமீட்டர் நீளத்தில் ஓர் உருவம், நடுச்சுவரில் காம்பு, ஒவ்வொரு துடிப்புக்கும் மைட்ரல் வால்வுக்குள் தலையை நுழைத்துப் பின்வாங்கும் ஆட்டம். அது ரத்த உறைவாகவும் இருக்கலாமே? இருக்கலாம், ஆனால் உறைவு வழக்கமாக மேலறையின் பின்சுவரிலோ அதன் ஓரத்தில் இருக்கும் பை போன்ற நீட்சியிலோ, ரத்தம் தேங்கும் இடமாகப் பார்த்துத்தான் படியும், அதற்குக் காம்பும் இருப்பதில்லை. இதய வால்வில் கிருமி படிந்து வளரும் தொற்றிலும் காய்ச்சலும் எம்போலிசமும் சேர்ந்து வரும் என்பதால், ரத்தத்தைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கும் அனுப்பினார்கள். கிருமி எதுவும் வளரவில்லை. உணவுக்குழாய் வழியாகக் கருவியை இறக்கி எடுக்கும் எக்கோ, காம்பு ஒட்டியிருக்கும் இடத்தை இன்னும் துல்லியமாகக் காட்டியது.

## மருந்தோ காத்திருப்போ ஏன் போதாது

ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து, உறைவு உருவாவதைத்தான் தடுக்கும். கட்டியின் மேற்பரப்பில் படியும் சிறு உறைவுகளை அது குறைக்கலாம். கட்டியின் விரல் கழன்று போவதை அதனால் நிறுத்த முடியாது. புற்றுநோய் மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களைக் குறிவைப்பவை. கூழ்ப்பொருளுக்கு நடுவே மெதுவாக வாழும் மிக்சோமா செல்களிடம் அவற்றுக்கு வேலையில்லை. இந்தக் கட்டியைச் சுருக்கும் என்று நிலைநாட்டப்பட்ட மருந்து எதுவும் இல்லை. ஊசியால் சிறிது எடுத்துப் பரிசோதித்த பிறகு முடிவு செய்யலாமே என்றால், இடது அறைக் கட்டியைத் தொடுவதே துணுக்கு கழல வழியாகிவிடும். ஆகவே எக்கோ படம் தெளிவாக இருந்தால் முன்கூட்டியே சதைப் பரிசோதனை செய்வதில்லை. கட்டியை முழுதாக எடுத்த பிறகே அது நுண்ணோக்கிக்குப் போகிறது.

காத்திருப்பதும் கூடாது. அடுத்த துணுக்கு எப்போது கழலும் என்று சொல்லும் சோதனை கிடையாது. பெரிய கட்டி வால்வில் முழுதாகச் செருகிக்கொண்டால் அந்தக் கணத்திலேயே உயிர் போகலாம். அதனால்தான், நோய் தெரிந்த சில நாட்களுக்குள் அறுவைக்கு நாள் குறிக்கிறார்கள். ஒரே ஒரு தயக்கம் உண்டு. அறுவையின்போது ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் என்ற மருந்தை அதிக அளவில் செலுத்த வேண்டும். மூளையில் பெரிய பகுதி பாதிக்கப்பட்டிருந்தாலோ ரத்தம் கசிந்திருந்தாலோ அந்த மருந்து கசிவைப் பெரிதாக்கிவிடும். அத்தகைய நோயாளிக்கு நாளைத் தள்ளிப்போடுவதா வேண்டாமா என்பதை நரம்பியல் மருத்துவரும் அறுவை மருத்துவரும் சேர்ந்து எடை போடுவார்கள். நம் எடுத்துக்காட்டுப் பெண்ணுக்குப் பாதிப்பு சிறியது, கசிவும் இல்லை. ஆகவே அந்த வாரத்திலேயே அறுவை முடிவானது.

## அறுவை மேசையில்

இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போது அதன் உள்ளறையைத் திறக்க முடியாது. எனவே 1953-இல் அமெரிக்காவில் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தைக் கொண்டு முதல் வெற்றிகரமான அறுவையைச் செய்யும்வரை, மிக்சோமா பெரும்பாலும் பிணப் பரிசோதனையில் தெரியவரும் நோயாகவே இருந்தது. மறு ஆண்டே, 1954-இல், சுவீடனின் ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் இடது மேலறை மிக்சோமாவை அத்தகைய இயந்திரத்தின் துணையோடு வெற்றிகரமாக எடுத்தார்.

இன்றும் அடிப்படை அதுவே. நெஞ்செலும்பைத் திறந்து, அல்லது சில மையங்களில் வலப்பக்க விலா இடைவெளி வழியாக, இதயத்தை அடைகிறார்கள். இந்தக் கட்டத்தில் அறுவை மருத்துவரின் கை வழக்கத்தைவிட மெதுவாக இருக்கும். இதயத்தைத் தூக்குவதோ அழுத்துவதோ கூடாது, கட்டி உடைந்துவிடும். ரத்தத்தை இயந்திரத்துக்குத் திருப்பி, மகாதமனியைக் கவ்வியால் மூடி, பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தால் இதயத் துடிப்பை நிறுத்துகிறார்கள். மகாதமனி மூடியபிறகு துணுக்கு கழன்றாலும் அது மூளைக்குப் போக வழியில்லை. அதன் பிறகே கட்டியைத் தொடுகிறார்கள்.

காம்பை மட்டும் நறுக்கி எடுப்பது களையை வேரோடு பிடுங்காமல் மேலே கிள்ளுவதைப் போன்றது. ஆகவே காம்பு ஒட்டியிருந்த நடுச்சுவரையும், சுற்றிலும் சிறிது ஆரோக்கியமான திசுவையும் சேர்த்து வட்டமாக வெட்டி எடுத்து, அந்த ஓட்டையை இதயத்தின் உறையிலிருந்து எடுத்த துண்டாலோ செயற்கைத் துண்டாலோ ஒட்டுப்போட்டுத் தைக்கிறார்கள். உதிர்ந்த துகள் எதுவும் தங்காதவாறு அறைகளை உப்புநீரால் கழுவி, மற்ற அறைகளில் வேறு கட்டி இருக்கிறதா, இத்தனை காலம் இடிபட்ட மைட்ரல் வால்வு ஒழுங்காக மூடுகிறதா என்று பார்த்த பிறகே மூடுகிறார்கள். அனுபவமுள்ள மையங்களில் இந்த அறுவையில் உயிரிழப்பு பொதுவாக நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. அறுவைக்குப் பின் சில நாட்கள் துடிப்பு ஒழுங்கு தவறுவது அடிக்கடி நேர்கிறது. பெரும்பாலும் மருந்தில் அடங்கிவிடும். காய்ச்சலும் ஈ.எஸ்.ஆரும் கட்டி போனதும் தாமாகவே இறங்குகின்றன.

சுருங்கச் சொன்னால், அறுவையின் ஒழுங்கே துணுக்கு கழலக்கூடாது என்ற ஒரே அச்சத்தைச் சுற்றி அமைந்திருக்கிறது: முதலில் பாதையை மூடுவது, பிறகு தொடுவது, வேரோடு எடுப்பது.

## மற்ற இதயக் கட்டிகள்

"இதயக் கட்டி என்றால் அறுவைதான்" என்று இதைப் படித்தவர் முடிவு கட்டிவிடக்கூடாது. கைக்குழந்தைகளின் இதயத்தில் அதிகம் காணப்படும் ராப்டோமயோமா, இதயத் தசைக்குள்ளேயே வளர்வது. டியூபரஸ் ஸ்க்லிரோசிஸ் என்ற மரபுநோயோடு சேர்ந்து வருவது வழக்கம். ரத்த வழியை அடைக்காமலும் துடிப்பைக் கெடுக்காமலும் இருந்தால் குழந்தை வளர வளர அது தானாகவே சுருங்கிவிடும் என்பதால், எக்கோவில் பார்த்துக்கொண்டிருப்பதே பெரும்பாலும் சிகிச்சை. இதற்கு நேர் எதிர், வால்வுகளின்மேல் கடல் சாமந்தி போன்ற இழைகளோடு வளரும் ஃபைப்ரோஎலாஸ்டோமா. அளவு ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும், வழியை அடைக்காது, ஆனால் இடப்பக்க வால்வில் இருந்தால் பக்கவாதத்துக்குக் காரணமாகும். எம்போலிசம் நேர்ந்துவிட்டால் அதையும் எடுத்துவிடுவதே நலம்.

உண்மையான இதயப் புற்றுநோயான ஆஞ்சியோசார்கோமா பெரும்பாலும் வலது மேலறையில், காம்பில்லாமல் அகன்ற அடியோடு சுவரை ஊடுருவி வளர்ந்து, இதய உறைக்குள் ரத்தநீரைச் சேர்க்கும். அறுவையோடு மருந்துச் சிகிச்சை தந்தும் அதன் முடிவு பெரும்பாலும் நல்லதாக இல்லை. நுரையீரல், மார்பகம் போன்ற இடங்களில் தோன்றிய புற்றுநோய் இதயத்துக்குப் பரவுவது, இதயத்திலேயே கட்டி தோன்றுவதைவிடப் பல மடங்கு அதிகம். அங்கே சிகிச்சை முதலில் தோன்றிய அந்தப் புற்றுநோயைப் பொறுத்தது.

## எடுத்த பிறகு

தனித்து வந்த மிக்சோமா முழுதாக எடுக்கப்பட்டால் திரும்ப வருவது நூற்றில் ஓரிருவருக்குத்தான். சிறுபான்மையினருக்கு மட்டும் இது பரம்பரையாக வருகிறது. கார்னி காம்ப்ளெக்ஸ் என்ற அந்த நிலையில், இளவயதிலேயே, ஒன்றுக்கு மேற்பட்ட அறைகளில் கட்டிகள் தோன்றுகின்றன, எடுத்த பிறகும் திரும்ப வருகின்றன. உதட்டிலும் கண்ணிமையிலும் சிதறிய கரும்புள்ளிகள் அதன் அடையாளங்களில் ஒன்று. ஆகவே நோயாளி இளவயதினராக இருந்தாலோ, கட்டி வழக்கமில்லாத இடத்தில் இருந்தாலோ, உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் எக்கோ எடுத்துப் பார்ப்பார்கள். மற்றவர்களுக்குச் சில ஆண்டுகள்வரை ஆண்டுக்கொரு எக்கோ போதுமானது. மூளைக்குத் துணுக்கு போனவர்களுக்கு, பிற்காலத்தில் அந்தக் குழாயின் சுவர் பலவீனமாகிப் புடைப்பது அபூர்வமாக உண்டு; தையல் கடைப் பெண்ணைப் போன்றவர்கள் புதிதாகத் தலைவலியோ வலிப்போ வந்தால், பல ஆண்டுகள் கழிந்திருந்தாலும், பழைய அறுவைக் கதையை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.